கட்டுவதற்கு முன்னால் ஒரு கடிதம்

சேலையூரில் அந்த அம்மாவின் வீட்டுக் கீழ் அறை இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. மாடிக்குத் தனி மீட்டர், கீழ் அறைக்குத் தனி மீட்டர். ஒரு பையன் ஜெராக்ஸ் கடை வைக்கக் கேட்டதும் கொடுத்துவிட்டார். மீட்டர் வீட்டுக் கட்டணத்திலேயே இருந்ததை இருவருமே யோசிக்கவில்லை.

நாலாவது மாதம் மின்வாரியத்திலிருந்து சோதனைக்கு வந்தார்கள். அடுத்து ஒரு தாள் வந்தது. '12 மாதம் அங்கீகாரமற்ற மின் பயன்பாடு, கடைக்கான கட்டணத்தில் இரண்டு மடங்கு' என்று போட்டிருந்தது. ஏழு நாளில் கட்டலாம் என்றும் இருந்தது. அவர் கண்ணில் பட்டது அந்த ஏழு நாள்தான். கோர்ட், போலீஸ் என்றெல்லாம் பயந்து, வளையலை அடகு வைக்கக் கிளம்பினார்.

"அத்தை, கொஞ்சம் இருங்க. இது தற்காலிக உத்தரவுதான்" என்று நிறுத்தினான் அண்ணன் மகன்.

அவன் சொன்னது சரி. மீட்டரை உடைத்து, கொக்கி போட்டுத் திருடினால் 2003 மின்சாரச் சட்டத்தின் 135-வது பிரிவு; அது சிறப்பு நீதிமன்றத்துக்குப் போகும். வீட்டு இணைப்பில் கடை நடத்துவது 126-வது பிரிவு. இதில் விசாரணை நடத்துவதும் தொகையைத் தீர்மானிப்பதும் மதிப்பீட்டு அதிகாரிதான். சிவில் கோர்ட்டுக்கும் போக முடியாது. நுகர்வோர் மன்றம் இதை விசாரிக்க முடியாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அதனால்தான் அந்த அதிகாரி முன்னால் பேசக் கிடைக்கும் வாய்ப்பு முக்கியம். ஏழு நாள் என்பது தொகையை ஒப்புக்கொண்டு கட்டுகிறவர்களுக்கு. ஒப்புக்கொள்ளாதவர் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். அதிகாரி அவரை அழைத்துக் கேட்டு, தற்காலிக உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள் இறுதி உத்தரவு போட வேண்டும்.

12 மாதக் கணக்கும் தண்டனைக்காகப் போட்டதல்ல. எப்போதிலிருந்து தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று தெரியாவிட்டால், சோதனைக்கு முந்தைய 12 மாதம் வரைதான் போகலாம் என்கிறது சட்டம். தேதி தெரிந்தால் அந்தக் காலத்துக்கு மட்டும்தான்.

தேதி அவர் வீட்டிலேயே இருந்தது. வாடகை ஒப்பந்தம் ஒன்று. அதைவிடப் பெரிய சாட்சி, ரீடிங் குறித்த அட்டை. பூட்டிக் கிடந்த காலத்தில் இரண்டு மாதத்துக்கு நாலைந்து யூனிட். கடை வந்த பிறகு 200. இரண்டின் நகலையும் வைத்து ஒரு பக்கத்தில் ஆட்சேபம் எழுதினார்கள். நேரில் கொடுத்து, தேதி போட்ட ஒப்புகையும் வாங்கிக்கொண்டார்கள்.

விசாரணை கால் மணி நேரம்கூட நடக்கவில்லை. இறுதி உத்தரவில் 12 மாதம் நாலு மாதமாகியிருந்தது. இரண்டு மடங்கு மட்டும் குறையவில்லை. தெரியாமல் செய்தவருக்கும் அதே இரண்டு மடங்குதான். குறைக்க அதிகாரிக்கு அதிகாரம் இல்லை. இது கொஞ்சம் முரட்டுத்தனமான சட்டம்தான்.

"இதுக்கும் மேல போகலாமா?" என்று கேட்டார் அந்த அம்மா. 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் பாதித் தொகையை முதலில் கட்ட வேண்டும் என்றான் பையன். வேண்டாம் என்று முழுவதையும் கட்டிவிட்டார். பாதியைக் கடைக்காரப் பையன் கொடுத்தான். அன்றைக்கே கீழ் மீட்டரைக் கடைக் கட்டணத்துக்கு மாற்ற விண்ணப்பமும் எழுதிக் கொடுத்தார்கள்.