முன்வரிசை

தெரேஸ்புரத்திலிருந்து வந்த அந்தப் பெண் ஒரு பென்டிரைவை என் மேசையில் வைத்தாள். அதில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று, மூத்த மகன் கல்லூரியில் சேர்ந்தபோது கடற்கரையில் எடுத்த குடும்பப் படம். நாற்காலிகளில் மாமியாரும் அவளும் கணவரும், பின்னால் இரண்டு மகன்கள். மற்றொன்று, பனிமய மாதா கோவில் திருவிழா இரவில் செல்போனில் எடுத்த மகளின் படம். புதுநன்மைக்குத் தைத்த வெள்ளைக் கவுன், தலையில் மல்லிகைச் சரம். காய்ச்சலில் அவள் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"இவளையும் எங்ககூட நிக்க வைக்கணும்க்கா."

மகன்களுக்குத் தொட்டில் போட்ட நாளிலிருந்தே ஸ்டுடியோப் படம் உண்டு. மகளுக்குச் சொல்லிக்கொள்ளும்படியாக இருந்தது இந்த ஒன்றுதான். நல்லவேளையாக அது மெமரி கார்டிலேயே இருந்தது. வாட்ஸ்அப்பில் போய் வந்த படமென்றால் சுருங்கி, முகத்தில் கட்டம் கட்டமாகத் தெரிந்திருக்கும்.

இல்லாதவரைப் படத்தில் சேர்ப்பது புதிய வேலை அல்ல. 1858இல் ஹென்றி பீச் ராபின்சன் என்ற ஆங்கிலேயர், சாகக் கிடக்கும் ஓர் இளம்பெண்ணையும் சுற்றியிருக்கும் குடும்பத்தையும் ஐந்து நெகடிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கினார். ஃபோட்டோஷாப் வந்த பிறகு கை மாறியிருக்கிறது, ஆனால் வேலை மாறவில்லை. படத்துக்குள் வருபவர் எந்த இடத்தில், எந்த வெளிச்சத்தில் நிற்கிறார் என்பதுதான் இன்றும் முதல் கேள்வி.

இடத்தை முடிவு செய்வது லென்ஸ். குடும்பப் படம் 85 மி.மீ. லென்ஸில், துவாரத்தை f/2க்குத் திறந்து, ஏறக்குறைய 20 அடி தூரத்திலிருந்து எடுத்தது. அந்த அமைப்பில் கூர்மையாக விழும் ஆழம் இரண்டு அடிக்குச் சற்று மேல்தான். நாற்காலியில் இருப்பவர்களின் கண்ணிமை தெளிவாக இருக்கிறது, பின்னால் நிற்கும் பையன்கள் ஒரு நூல் மங்கல், கடலும் படகுகளும் வெறும் நிறத் திட்டுகள். செல்போனின் சென்சார் சிறியது, லென்ஸும் குறுகியது. அதனால் அதில் முன்னும் பின்னும் ஒரே தெளிவாக விழும். ஆனால் இரவு வெளிச்சத்தில் புள்ளிகளை மறைப்பதற்காக போனே முகத்தை வழித்துவிடுகிறது. தூரத்தில் பார்த்தால் தெளிவு, கிட்டே போனால் மெழுகு.

தெளிவான படத்தை மங்கலாக்கலாம். மங்கலில் இல்லாத இமையைக் கொண்டுவர முடியாது. ஆகவே எனக்குப் பழகிய வழியையே சொன்னேன். "பின்வரிசையில அண்ணன்மாருக்கு நடுவுல வைப்போம். அங்க எல்லாருமே கொஞ்சம் மங்கல்தான். கண்டே பிடிக்க முடியாது." `Lens Blur` திறந்து `Radius` 2 கொடுத்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "பின்னாலயா? இருந்தப்பவும் அவ பின்னாலதான நின்னா. என் பக்கத்துல வைங்க."

நான் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

அவள் கேட்ட இடத்தின் கணக்கு வேறு. குடும்பப் படம் 6000 பிக்சல் அகலம். அம்மாவின் அருகில் நிற்கும் ஒன்பது வயதுப் பிள்ளையின் முகம் அதில் 410 பிக்சல் உயரமாவது இருக்க வேண்டும். போன் படத்தில் இருந்ததோ 250. ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாக்கினால் மெழுகு இன்னும் உருகும். அவள் கணவர் 18க்கு 12 அங்குலச் சட்டம் கேட்டிருந்தார். 12க்கு 8 போதும் என்றேன். அந்த அளவுக்கு 3600 பிக்சல் அகலம் போதும். குடும்பப் படத்தை அதற்குச் சுருக்கினால் பிள்ளையின் முகத்துக்கு வேண்டியது 250 பிக்சல்தான். அவளை இழுக்கவே வேண்டாம்.

அப்படியும் அம்மாவின் முகம் மகளுடையதைவிடக் கூர்மையாக இருந்தது. அவளைக் கூர்மையாக்க வழியில்லாததால் மற்றவர்களை அவளிடம் கொண்டுவந்தேன். குடும்பப் படம் முழுவதற்கும் `Gaussian Blur` 0.7 பிக்சல். பிறகு இரண்டு படங்களுக்கும் சேர்த்து மேலே 2 சதவீதம் ஒற்றை நிறப் புள்ளிகள். 12 அங்குலப் படத்தில் அந்த மங்கல் யார் கண்ணிலும் படாது. ஆனால் எல்லா முகங்களும் ஒரே தாளில் பிறந்ததுபோல் ஆகிவிடும். முழங்காலுக்குக் கீழே அவள் படம் இல்லை. அதை அம்மாவின் சேலை மடிப்பு மறைத்தது. கவுன் சேலையைத் தொடும் இடத்தில் மெல்லிய நிழல் வைத்தேன். அது இல்லாவிட்டால் பிள்ளை ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி மிதப்பாள்.

நிறத்துக்கு அந்தக் கவுன்தான் அளவுகோல். திருவிழா பல்பின் கீழ் வெள்ளைத் துணியின் சிவப்பு, பச்சை, நீல அளவுகள் 238, 212, 160. குடும்பப் படத்தில் அப்பாவின் வெள்ளைச் சட்டை 218, 222, 228. `Curves` அடுக்கில் மூன்றையும் தனித்தனியாக நகர்த்தி முதலாவதை இரண்டாவதுக்குக் கொண்டுவந்தேன். வெள்ளை சரியாக வந்தது. அன்று மாலை வந்த கணவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தண்ணிக்கடியில நிக்கிற மாதிரி இருக்கா" என்றார். அவர் சங்குகுளிக்கப் போகிறவர். கடலில் இறங்க இறங்க முதலில் காணாமல் போவது சிவப்புதான். என் திரையிலும் அதுவே நடந்திருந்தது. வெள்ளைக்காகச் சிவப்பை இறக்கியபோது தோலின் சிவப்பும் சேர்ந்து இறங்கிவிட்டது. அம்மாவின் கன்னம் 138, 98, 76. பிள்ளையின் கன்னம் 121, 97, 84. வளைகோட்டின் மேல்முனையை விட்டுவிட்டு நடுப்பகுதியில் மட்டும் சிவப்பை ஏற்றி நீலத்தைக் குறைத்தேன். இரத்தம் திரும்பியது.

மாமியார் திரைக்குக் கிட்டே வந்து, "ஏட்டி, கொஞ்சம் வெளுப்பா வச்சாத்தான் என்ன? மாப்பிள்ளைக்கா காட்டப் போறோம், சாமியா பாக்கப் போறோம்" என்றார். இந்தக் கோரிக்கை எனக்குப் புதிதல்ல. பையனை வெளுக்கச் சொல்பவர் குறைவு.

"அவளுக்கு என் நிறம்தான்" என்றாள் அம்மா. "மாத்தாதீங்கக்கா."

வெளுத்திருந்தால் வேலையும் கெட்டிருக்கும். ஒரே நிழலில் நிற்கும் தாயும் மகளும் இரண்டு வெளிச்சங்களில் இருந்தால் கண் அந்த ஒட்டை உடனே பிடித்துவிடும். படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். எந்த முகம் முதலில் குதித்து வருகிறதோ அங்கேதான் தப்பு. எதுவும் குதிக்கவில்லை. பிறகு நீலத் தளத்தை மட்டும் தனியாகத் திறந்தேன். மஞ்சள் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் நீலம்தான் மிகவும் பலவீனம், அழுக்குப் புள்ளிகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். தலைமுடியின் ஓரத்தில் பழைய பல்ப் வெளிச்சம் ஒரு கோடாக மிச்சமிருந்தது. அதை மட்டும் துடைத்தேன்.

அவர்கள் போன பிறகு பழைய கோப்புகளைத் திறந்தேன். இருபது வருடத்தில் நான் சேர்த்த பிள்ளைகள். பையன்கள் பெரும்பாலும் அப்பாவின் மடியில் அல்லது நடுவில். பெண்பிள்ளைகள் பின்னால், ஓரத்தில், `Radius` 2, `Radius` 3. அவர்களுக்கு இருந்தவை மோசமான படங்கள், மோசமான படத்துக்குப் பின்வரிசைதான் பொருந்தும் என்று தொழில்நுட்பமாகவே விளக்கம் வைத்திருந்தேன். படம் ஏன் மோசமாக இருந்தது என்று கேட்டதில்லை.

அந்த 12க்கு 8 படத்தின் முதுகில் பென்சிலால், "மகள் வேறு படத்திலிருந்து சேர்க்கப்பட்டாள், அம்மா சொன்ன இடத்தில்" என்று எழுதிக் கொடுத்தேன். சட்டத்துக்குள் போனால் யாரும் பார்க்கப் போவதில்லை. இருந்தாலும் எழுதினேன்.