கழுத்தில் இருப்பது அழுக்கு அல்ல

வட மாவட்டம் ஒன்றில் இருக்கும் ஒரு மாணவியர் விடுதிக்குப் போன ஆண்டு நாங்கள் இரண்டு பேர் தொடர்ந்து போய்வந்தோம். படிப்பை இடையில் விட்டுவிடும் பிள்ளைகளைப் பற்றிப் பேசத்தான் போனோம். பிளஸ் ஒன் படிக்கும் ஒரு தங்கை அந்த வெயிலிலும் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிப் போட்டிருந்தாள். மூன்றாவது முறை போனபோதுதான் காரணம் சொன்னாள். வகுப்பில் ஓர் ஆசிரியர் எல்லார் முன்பும் அவளை நிற்கவைத்து, "கழுத்தெல்லாம் அழுக்கு, உங்க வீட்டுல தண்ணியே கிடையாதா?" என்று கேட்டிருக்கிறார்.

"டெய்லி ரெண்டு வேளை குளிக்கிறேன்க்கா. பீர்க்கங்கா நார் போட்டுத் தேய்க்கிறேன். போகவே மாட்டேங்குது" என்று சொல்லித் துப்பட்டாவை விலக்கினாள். பின்கழுத்து முழுக்கக் கருத்து, தடித்து, வரிவரியாக இருந்தது. தேய்த்துத் தேய்த்து நடுவில் புண்ணாகியிருந்தது. அக்குளிலும் அப்படித்தான் என்றாள்.

'உங்க வீட்டுல' என்ற அந்தச் சொல் யாரைக் குறிக்கிறது என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இதே கழுத்தோடு வேறு தெருப் பிள்ளை வந்திருந்தால், "டாக்டர்கிட்ட காட்டுனியாம்மா?" என்று கேட்டிருப்பார்கள். எங்கள் வீடுகளிலும் நாங்கள் நார் போட்டுத் தேய்த்தே வளர்ந்தவர்கள். யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில் அம்மாக்கள் எங்கள் கழுத்தைத் தேய்த்தார்கள்.

அந்தத் தோலுக்கு மருத்துவத்தில் 'அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ்' என்று பெயர். அழுக்கிலிருந்து இதைப் பிரித்தறிவது கடினமல்ல. கழுத்தின் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருக்கும். விரலால் தடவினால் வெல்வெட் துணி போல மெத்தென்று இருக்கும். அக்குள், தொடை இடுக்கு, சிலருக்கு விரல் கணுக்களிலும் இருக்கும். சோப்புக்குப் போகாது, ஊசி போடும்முன் தடவும் ஸ்பிரிட்டை வைத்துத் துடைத்தாலும் போகாது. சோப்புக்குப் போகாமல் ஸ்பிரிட்டுக்கு மட்டும் போய்விடும் ஒருவகைக் கருமையும் உண்டு. அது வேறு, அதற்கு மருந்தும் வேண்டாம்.

தோல் ஏன் இப்படி ஆகிறது? சாப்பாட்டிலிருந்து ரத்தத்துக்கு வரும் சர்க்கரையைத் தசைகளுக்குள் அனுப்பும் வேலையைச் செய்வது இன்சுலின். சிலருக்குத் தசையும் கல்லீரலும் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்காது. இதுதான் இன்சுலின் எதிர்ப்பு. அப்போது கணையம் சும்மா இருக்காது. ஒரு பங்கு போதாதென்றால் இரண்டு பங்கு, மூன்று பங்கு என்று இன்சுலினைச் சுரந்து நிலைமையைச் சமாளிக்கும். அப்படி மிகுந்துபோன இன்சுலின், தோல் செல்களில் வளர்ச்சிக்கென்று இருக்கும் ஏற்பிகளையும் தூண்டிவிடுகிறது. தோல் செல்கள் வேகமாகப் பெருகி, மேல்தோல் தடித்து மடிப்பு மடிப்பாகிறது. நம் கண்ணுக்குக் கருமையாகத் தெரிவது பெரும்பாலும் இந்தத் தடிப்புதான். ஆகவே தேய்த்தால் போகாது. தேய்க்கத் தேய்க்க உரசலால் இன்னும் கருக்கவே செய்யும்.

இங்கேதான் பலரும் ஏமாந்துபோகும் இடம் வருகிறது. அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். வெறும் வயிற்றில் சர்க்கரை 94. நூறுக்குள் இருந்தால் சரி. "சுகர் இல்ல, போங்க" என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் கணையம் கூடுதலாக உழைத்துக்கொண்டிருக்கும் வரை சர்க்கரை அளவு சரியாகத்தான் காட்டும். சில ஆண்டுகள்கூட அப்படியே போகலாம். கணையம் தளர்ந்த பிறகுதான் எண் ஏறும். ரத்தத்தில் சர்க்கரை ஏறும் முன்பே கழுத்து பேசத் தொடங்கிவிடுகிறது.

வேறோர் ஊரில் தெரிந்த ஒரு மருத்துவரிடம் போனோம். அவர் கழுத்தைப் பார்த்ததும் மாதவிடாய் பற்றிக் கேட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது என்றாள். தாடையில் முடி வளர்கிறதா, வீட்டில் யாருக்கு சர்க்கரை என்றெல்லாம் கேட்டார். இன்சுலின் மிகுந்தால் சினைப்பையும் பாதிக்கப்படும், பிசிஓஎஸ் என்று சொல்கிறார்களே, அதுவும் இந்தக் கழுத்தும் பல பெண்களுக்குச் சேர்ந்தே வருகின்றன. இடுப்பு அளவையும் எடுத்தார்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.8 வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. ஆனால் அவளுக்கு ஹீமோகுளோபின் 9.2தான். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை இருந்தால் இந்தச் சோதனை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். நம் பெண்களில் எத்தனை பேருக்கு ரத்தசோகை என்று சொல்லத் தேவையில்லை. அதனால் அந்த எண்ணை மட்டும் நம்பாமல், 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார். 152 வந்தது. 140க்குள் இருக்க வேண்டும், 200ஐத் தொட்டால் சர்க்கரை நோய். அவள் இடையில் இருந்தாள்.

"நான் குண்டாகூட இல்லியேக்கா" என்றாள். உண்மைதான். மெலிந்த உடம்பிலும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரலாம். புனே மருத்துவர் யாஜ்னிக்கும் அவருடைய குழுவும், நம் நாட்டில் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளிடம் தசை குறைவாகவும் கொழுப்பு ஒப்பீட்டளவில் கூடுதலாகவும் இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். அம்மா கர்ப்பத்தில் அரைவயிற்றோடு நாற்று நட்டிருந்தால் அந்தக் கணக்கு மகளின் உடம்பில் எழுதப்படுகிறது. ரத்தத்தில் சாதி இல்லை. ஆனால் சாதி, கூலியாக, சோறாக, உடம்புக்குள் வந்துவிடுகிறது. அந்த விடுதியில் மூன்று வேளையும் அரிசிதான், காயும் பருப்பும் பேருக்குத்தான்.

மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். மூன்று மாதம் கழித்து வரச்சொன்னார். கழுத்துக்கென்று எதையும் எழுதவில்லை, கடையில் கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டிருந்த வெள்ளையாக்கும் கிரீமை மட்டும் நிறுத்தச் சொன்னார். அதில் ஸ்டீராய்டு இருந்தது. தோலை அது மெலிய வைக்கும், உள்ளே இருக்கும் காரணத்தைத் தொடாது. சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் சுண்டல், முட்டை, கீரை. டீயில் சர்க்கரை வேண்டாம். சாப்பிட்ட பிறகு நடை. இவ்வளவுதான். ஆனால் விடுதியில் அவள் மட்டும் எப்படி சுண்டல் சாப்பிடுவாள்? பட்டியலில் இருந்தும் தட்டுக்கு வராத முட்டையைக் கேட்டுப் பிள்ளைகளே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள் முட்டை வந்தது. ஆறு மாதத்தில் கழுத்துத் தடிப்பு குறைந்து மிருதுவானது. கருமை முழுதும் போகவில்லை, அது மெதுவாகத்தான் போகும். மாதவிடாய் ஓரளவு ஒழுங்கானது.

தோழர்களே, இந்தக் கழுத்து உள்ள எல்லோருக்கும் சர்க்கரை வரும் என்று பயமுறுத்திவிடாதீர்கள். சிலருக்குக் குடும்ப வழியிலும், சில மருந்துகளாலும் வரும். வயதானவர் ஒருவருக்குத் திடீரென்று வேகமாகப் பரவி, எடையும் குறைந்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது, அபூர்வமாக அது வயிற்றுப் புற்றின் அடையாளமாக இருக்கும். மற்றவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: மாதவிடாய் ஒழுங்கா, வீட்டில் யாருக்கு சர்க்கரை, கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தீர்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

போன மாதம் போனபோது அவள் துப்பட்டாவைத் தோளில் சாதாரணமாகப் போட்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை எங்களிடம் இழுத்துவந்து, "இவ கழுத்தப் பாருங்கக்கா, எனக்கு இருந்த மாதிரியே இருக்கு. தேய்க்காதடின்னு சொல்லிட்டேன்" என்றாள்.