தம்பி கேட்ட பழம்

“தம்பி கேட்ட பழம் எங்கே” என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லிலும் மூன்றே எழுத்துகள். சொற்களுக்கு நடுவே உள்ள இடத்தை எடுத்துவிட்டு, “முதல் எழுத்திலிருந்து மும்மூன்றாகப் பிரித்துப் படி” என்று மட்டும் ஒருவனிடம் சொல்லிக் கொடுத்தால், அவனும் சரியாகவே படித்துவிடுவான். நம் உயிரணுவும் இப்படித்தான் டி.என்.ஏ.வைப் படிக்கிறது. அங்கே எழுத்துகள் நான்குதான்: A, T, G, C. மூன்று எழுத்து சேர்ந்தால் ஓர் அமினோ அமிலம். அமினோ அமிலங்களைக் கோத்தால் புரதம்.

எழுத்துப் பிழையை நம் வாக்கியத்திலேயே செய்து பார்ப்போம். “பழம்” என்பதைப் “பளம்” என்று எழுதினால் தமிழாசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். ஆனால் கம்பம் சந்தையில் பன்னீர்த் திராட்சை விற்பவருக்குப் பொருள் மாறவில்லை. எங்கள் ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். இது சைலண்ட் சடுதிமாற்றம். “பழம்” என்பது “பணம்” ஆனால் வாக்கியம் ஒழுங்காகத்தான் இருக்கிறது, பொருள்தான் வேறு. இது மிஸ்சென்ஸ். “தம்பி கேட்ட” என்றவுடன் முற்றுப்புள்ளி விழுந்து வாக்கியம் நின்றுபோனால் அது நான்சென்ஸ். முதல் எழுத்தான “த” உதிர்ந்துவிட்டால்? “ம்பிகே ட்டப ழம்எ ங்கே.” விழுந்தது ஓர் எழுத்து, கெட்டது அதற்குப் பின்னால் உள்ள அனைத்தும். இதற்குப் பெயர் ப்ரேம்ஷிப்ட்.

விளையாட்டு போதும். இந்த நான்கையும் ஒரே இடத்தில் வைத்துக் காட்டும் ஜீன் ஒன்று நம் இரத்தத்திலேயே இருக்கிறது. ஈமோகுளோபினில் ஆல்பா சங்கிலி இரண்டு, பீட்டா சங்கிலி இரண்டு. பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். அதன் ஜீனில் ஐந்தாம் சொல்லிலிருந்து இப்படி வரும்:

```
CCT GAG GAG AAG TCT GCC GTT ACT GCC CTG TGG GGC AAG GTG AAC
```

ஆறாவது சொல் GAG. அதற்குக் குளுட்டாமிக் அமிலம் என்று பொருள். கடைசி G, A ஆக மாறி GAA என்றானால், அதற்கும் குளுட்டாமிக் அமிலமே பொருள். இரத்தத்தைப் பார்த்து எவரும் கண்டுபிடிக்க முடியாது. முதல் G மாறி TAG ஆனால் அது முற்றுப்புள்ளி. ஐந்து அமினோ அமிலங்களோடு சங்கிலி நின்றுவிடும். நடுவிலுள்ள A உதிர்ந்தால்:

```
CCT GGG AGA AGT CTG CCG TTA CTG CCC TGT GGG GCA AGG TGA
```

பென்சிலால் எண்ணிப் பாருங்கள். ஆறாம் இடம் முதல் எல்லாம் வேறு அமினோ அமிலங்கள். பதினெட்டாம் இடத்தில் TGA என்ற முற்றுப்புள்ளி தானாகவே முளைத்துவிடுகிறது. இது கற்பனையன்று. மத்தியதரைக் கடல் நாடுகளில் தாலசீமியா நோய்க்கு இந்த ஓர் எழுத்து உதிர்தலும் ஒரு காரணம். நம் நாட்டிலோ பதினைந்தாம் சொல்லான TGG, TAG ஆகி நின்றுபோவதும், எட்டாம் சொல்லுக்கும் ஒன்பதாம் சொல்லுக்கும் இடையே ஒரு G கூடுதலாக நுழைவதும் தாலசீமியாவில் காணப்படுகின்றன.

அதே A உதிராமல் T ஆக மாறினால் GTG. பொருள் வேலின். சங்கிலியின் நீளம் குறையவில்லை. 146இல் 145 அப்படியே இருக்கின்றன. “பழம்” “பணம்” ஆன கதைதான். இதுவே கதிர் அரிவாள் இரத்தசோகை. குளுட்டாமிக் அமிலம் மின்சுமை உடையது, தண்ணீரோடு உறவாடும். வேலினுக்குத் தண்ணீர் ஆகாது. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஈமோகுளோபினில், சங்கிலியின் வெளிப்புறத்தில் துருத்தி நிற்கும் இந்த வேலின், பக்கத்து மூலக்கூறிலுள்ள ஒரு குழியில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகி, சிவப்பணுவையே அரிவாள்போல் வளைத்துவிடுகிறது. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களில் சிக்கும், அங்கே வலி. 120 நாள் வாழ வேண்டிய அணு இரண்டு மூன்று வாரங்களிலேயே அழியும், அதனால் சோகை. அதே GAGயின் முதல் எழுத்து மாறி AAG ஆனால் லைசின் வரும். அந்த ஈமோகுளோபின் சி இப்படி இழை கட்டுவதில்லை, தொல்லையும் குறைவு. ஆகவே எந்த எழுத்து மாறியது என்பதைவிட, வந்து உட்கார்ந்தது எது, எங்கே உட்கார்ந்தது என்பதே கேள்வி.

மின்சுமை மாறியதால்தான் இது முதலில் அகப்பட்டது. 1949இல் லைனஸ் பாலிங் குழுவினர் மின்புலத்தில் இரு ஈமோகுளோபின்களும் வெவ்வேறு வேகத்தில் நகர்வதைக் காட்டினர். மாறியது ஒரே ஓர் அமினோ அமிலம் என்பதை அடுத்த சில ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் இங்கிரம் நிறுவினார். இதெல்லாம் ஆப்பிரிக்க வம்சத்தாரின் நோய் என்று எண்ணியிருந்த காலத்தில், 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இப்பண்பைக் கண்டு எழுதினர். மலேரியாக் காடுகளில் இதன் ஒரு பிரதியை மட்டும் உடையவர்கள் காய்ச்சலுக்குத் தப்பிப் பிழைத்தார்கள். அதனால்தான் இந்தப் பிழை அழியாமல் தலைமுறைதோறும் வந்தது.

என் சித்தி கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். (என் அம்மா ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி ஏலக்காய் பறிக்கப் போகிறார். மலை மாறினாலும் கூலி கூலிதான்.) சென்ற விடுமுறையில் அங்கே போயிருந்தபோது, பழங்குடிக் குடும்பத்து அக்கா ஒருவர், நான் சயின்ஸ் படிக்கிறேன் என்று சித்தி பெருமையடித்ததைக் கேட்டுவிட்டு, மூன்று அட்டைகளைக் கொண்டுவந்து நீட்டினார். அவரும் கணவரும் “ஏ எஸ்”. மகன் “எஸ் எஸ்”. மாதத்தில் நான்கு நாளாவது முழங்கால் வலியில் பையன் பள்ளிக்கூடம் போவதில்லை.

“நாங்க ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கோம் தம்பி. இவனுக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு?”

பிரதி இரண்டு, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று விளக்கினேன். உங்களிடம் நல்ல பிரதி ஒன்று இருப்பதால் அணு வளைவதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டும் எஸ் ஆகச் சேரும் என்றேன். சரியாகத்தான் சொன்னேன். ஆனால் அவர் முகத்தில் நான் கண்டது தெளிவு அன்று. “அப்ப எங்ககிட்ட இருந்துதான்” என்றார். பாடப்புத்தகத்தில் இந்த வரிக்கு விடை இல்லை. காடும் காய்ச்சலும் உங்கள் பாட்டன் பூட்டனைக் கொல்லாமல் விட்டதே இதனால்தான் அக்கா என்று சொல்லி வைத்தேன். சிறிது நேரம் யோசித்தார்.

பரிசோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரத்தத்தை மருந்தில் கலந்து கலங்குகிறதா என்று பார்க்கும் கரைதிறன் சோதனை, எஸ் இருக்கிறது என்றுதான் சொல்லும். ஒன்றா இரண்டா என்று சொல்லாது. அதற்கு மின்புலச் சோதனையோ எச்.பி.எல்.சி.யோ வேண்டும். பிறந்த குழந்தையிடம் சிசு ஈமோகுளோபின் மிகுந்திருப்பதால் கலங்கலும் ஏமாற்றும். இன்னொரு கண்ணியும் உண்டு. தாய்க்கு எஸ் இல்லை, தாலசீமியாவின் அறுந்த பிரதி ஒன்று இருக்கிறது. தந்தை “ஏ எஸ்” என்று கொள்வோம். எஸ்ஸை மட்டும் தேடும் சோதனை தாயை “ஒன்றுமில்லை” என்று அனுப்பிவிடும். பிள்ளைக்கோ ஒரு பக்கம் எஸ், மறுபக்கம் ஒன்றுமே இல்லை. ஏறத்தாழ “எஸ் எஸ்” பிள்ளையின் வலிதான் அதற்கும். மிஸ்சென்ஸும் நான்சென்ஸும் ஒரே வீட்டில் சம்பந்தம் செய்துகொண்டதன் விளைவு.

புறப்படும்போது அந்த அக்கா அட்டைகளை ரவிக்கைத் துணியில் சுற்றினார். வாசலில் கோலிக்குண்டு உருட்டிக்கொண்டிருந்த மகளைக் காட்டி, “இவளுக்கு இன்னும் ஊசி குத்திப் பார்க்கலை. வலி ஒண்ணும் இல்லையே, பார்க்கணுமா தம்பி?” என்றார்.

பார்க்க வேண்டும் அக்கா, அவள் கல்யாணத்துக்கு முன்னாலாவது தெரிய வேண்டும் என்றேன்.

“திங்கக்கிழமை கூட்டிட்டுப் போறேன்” என்றார்.