'கேள்' என்னும் பெயர்

தாம் தொடங்கிய தொழிலுக்குத் தம் பெயரையே சூட்ட இயலாத நிலை ஒருவருக்கு நேர்ந்தது. ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் ஹோர்ஹ், 1899இல் தம் பெயரிலேயே மகிழுந்து நிறுவனம் ஒன்றை நிறுவினார். நிர்வாகத்தாருடன் கருத்து மாறுபட்டு, 1909இல் அதனைவிட்டு விலகி, சுவிக்காவ் நகரில் மற்றொன்றைத் தொடங்கினார். பழைய நிறுவனம் வழக்குத் தொடுத்தது. ஹோர்ஹ் என்னும் பெயரை இனி அவர் தம் நிறுவனத்திற்கு வழங்கலாகாது என்றாயிற்று.

புதிய பெயர் தேடி நண்பர் ஒருவரின் இல்லத்தில் கூடினர். அங்கே இலத்தீன் பாடம் படித்துக்கொண்டிருந்த நண்பரின் மகன், 'ஔடி' எனச் சூட்டலாமே என்றான். 'ஹோர்ஹ்' என்பதற்கு ஜெர்மன் மொழியில் 'உற்றுக்கேள்' என்பது பொருள். அதன் இலத்தீன் வடிவமே 'ஔடி'. இழந்த பெயர், பொருள் மாறாமல் 1910இல் வேறு உருவில் மீண்டது.

ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய அச்சொல் பழமையாக ஒலிக்கவில்லை. காரணம், தேர்ந்த வடிவமாகும். 'கேட்டல்' எனப் பொருள்படும் 'ஔடீரே' என்னும் நெடிய வடிவை எடுத்திருந்தால், அது அகராதிச் சொல்லாகவே நின்றிருக்கும். அதன் ஏவல் ஒருமை வடிவமோ ஈரசையில் முடிந்தது. தமிழிலும் ஏவல் ஒருமையே பெரும்பாலும் பகுதியாக நிற்பதை மாணவர் அறிவர். நட, வா, கேள் ஆகியன அத்தகையவை. அன்றியும், 'ஹோர்ஹ்' என்பதன் ஈற்றொலியைப் பிறமொழியார் ஒலிப்பது கடினம். 'ஔடி' உயிரொலியில் முடிவதால் எந்நாட்டார் நாவிலும் எளிதில் இயங்குகிறது.

எனினும் வேர் நன்றாயிருந்தால் மட்டும் போதாது. வழங்கும் மொழியின் காதுக்கும் அது பொருந்த வேண்டும். ஜப்பானிய நிறுவனமொன்று, ஒலியைக் குறிக்கும் 'சோனுஸ்' என்னும் இலத்தீன் சொல்லையும், சிறுவனை அன்புடன் அழைக்கும் 'சன்னி' என்னும் ஆங்கிலச் சொல்லையும் இணைத்துப் பெயர் தேடியது. 'சன்னி' என்பதை அவ்வாறே எழுதினால் ஜப்பானியர் 'சொன்னி' எனப் படிப்பர். அம்மொழியில் 'சொன்' என்பது நட்டத்தைக் குறிக்கும். வணிகத்திற்கு அது தகாது. எனவே ஓர் எழுத்தைக் குறைத்தனர், 'சோனி' பிறந்தது. 1955இல் வானொலிப் பெட்டியில் பொறிக்கப்பட்ட அப்பெயர், 1958இல் நிறுவனத்தின் பெயராகவே ஆயிற்று.

இவ்விரு பெயர்களும் ஒரே முறையைக் காட்டுகின்றன. முதலில் பொருளுக்கேற்ற வேரைத் தேர்தல் வேண்டும். பின்பு அதன் மிகக் குறுகிய வடிவை எடுத்தல் வேண்டும். இறுதியாக, அவ்வேரை அறியாத ஒருவரிடம் எழுத்தைக் காட்டிப் படிக்கச் செய்தல் வேண்டும். அவர் தடுமாறினாலோ, கேட்டவர் நகைத்தாலோ வடிவை மாற்றுதலே தக்கது. தமிழ்நாட்டில் 'ஔடி' பலர் வாயில் 'ஆடி' என வழங்குகிறது. இங்கே அது ஒரு திங்களின் பெயர். கண்ணாடிக்கும் அப்பெயர் உண்டு. அவற்றுள் எதுவும் இழிபொருள் தரவில்லை என்பது அப்பெயரின் நற்பேறே.