ஒன்பது பைசாவின் கதை

கார்வேட்டிநகரத்துக் கணக்கேடு ஒன்றைப் படம்பிடித்ததில் நான் செய்த ஒரு பிழையைப் பற்றி எழுத வேண்டுமென்று சில மாதங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய வரவு செலவுப் புத்தகங்களைப் படமாக்கி அட்டவணையாக மாற்றும் வேலையில் இருக்கும் நண்பர்களுக்கு இது பயன்படக்கூடும். என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் இருந்த ஒரு பத்தி இன்று இல்லாமற்போனதற்குக் காரணமும் இதுதான்.

புத்தூரிலிருந்து பேருந்தில் சென்றால் கார்வேட்டிநகரம் அதிகத் தொலைவில்லை. ஒரு காலத்தில் ஜமீனின் தலைநகர். வேணுகோபாலசுவாமி கோயிலும் பெரிய திருக்குளமும் உள்ள ஊர். 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்த சித்தூர் மாவட்டத்தின் பல ஊர்களைப் போல இங்கும் தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில், சில நேரம் ஒரே வாக்கியத்தில் வாழ்கின்றன. பரம்பரையாக வணிகம் செய்த ஒரு வீட்டில் இருந்த நாள்வழிக் கணக்கேடுதான் நான் தேடிச் சென்றது. 1957 ஏப்ரலில் புதிய பைசா நடைமுறைக்கு வருவதற்கு முந்தையது. எனவே தொகைகளெல்லாம் ரூபாய், அணா, பைசா என்று மூன்று பத்திகளில் இருந்தன. பொருட்பெயர்கள் பெரும்பாலும் தமிழில், தலைப்புகளும் சில அளவுச் சொற்களும் தெலுங்கில். எந்தப் பொருளுக்கு எந்த மொழியின் சொல்லை எழுத்தர் கையாள்கிறார், அது விலையோடும் அளவோடும் எப்படிச் சேர்ந்து வருகிறது என்பதே என் கேள்வி. எனவே சொல்லும் தொகையும் ஒரே வரியில் பிசகாமல் நிற்பது எனக்கு இன்றியமையாதது.

புத்தகம் ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் கனம். தாள் நீளவாக்கில் முப்பத்து நான்கு சென்டிமீட்டர். குறுக்குக் கோடுகள் கிடையா. செங்குத்தாகச் சிவப்புக் கோடுகள் மட்டும். முதல் முறை சென்றபோது புத்தகத்தை விரித்து மேசைமேல் வைத்து, ஐம்பது சென்டிமீட்டர் உயரத்தில் கைபேசியைத் தாங்கியில் பொருத்தி, இரண்டு பக்கங்களையும் ஒரே படத்தில் எடுத்தேன். இரண்டு நாளில் முழுப் புத்தகமும் முடிந்துவிட்டது. அந்த வேகத்தைப் பற்றி அப்போது எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

விரித்து வைத்த கனமான புத்தகத்தின் தாள் தட்டையாக இருப்பதில்லை. வெளி விளிம்பிலிருந்து முதுகை நோக்கி மெல்ல உயர்ந்து ஒரு மேடாகி, பிறகு தையலுக்குள் செங்குத்தாக இறங்குகிறது. இடப்பக்கத்தில் அந்தச் சரிவில் வந்து விழுவது கடைசிப் பத்தியான பைசா. வலப்பக்கத்தில் அங்கே விழுவது தேதி. தேதி போனால் முன்பின் வரிகளைக் கொண்டு மீட்கலாம். பைசாவுக்கு அந்த வழி இல்லை. ஆகவே ஒரே புத்தகத்தில் இடப்பக்கங்களும் வலப்பக்கங்களும் ஒரே அளவு நம்பகமானவை அல்ல. நான் இதைப் படங்களை எடுத்து முடித்த பிறகுதான் உணர்ந்தேன்.

சரிவினால் வரும் கேடு இரண்டு வகை. முதலாவது கண்ணுக்குத் தெரியும்: எழுத்து ஒடுங்கிவிடுகிறது. தாள் அறுபது பாகை சாய்ந்தால் அகலம் பாதியாகும். எழுபத்தைந்து பாகையில் கால்பங்கு. என் படங்களில் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 90 புள்ளிகள் இருந்தன. மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் இலக்கத்துக்குத் தட்டையான இடத்தில் 27 புள்ளிகள் கிடைக்கும். சரிவின் ஆழத்தில் ஏழுதான். அங்கே 0, 6, 9 எல்லாமே நிமிர்ந்த ஒரு கோடாகத் தோன்றும். பிற்பாடு மென்பொருளால் படத்தை இழுத்து நிமிர்த்தினால் கோடு அகலமான கோடாகும், அவ்வளவே. பதிவாகாத புள்ளியை எதனாலும் வரவழைக்க முடியாது.

இரண்டாவது கேடு கண்ணுக்குத் தெரிவதில்லை. என்னை ஏமாற்றியது அதுதான். ஒளிப்படக் கருவிக்கு அருகில் உள்ளது பெரிதாகவும் தொலைவில் உள்ளது சிறிதாகவும் விழுகிறது. ரூபாய்ப் பத்தி மேட்டின்மேல் இருக்கிறது. பைசாப் பத்தி அதைவிட மூன்று சென்டிமீட்டர் தாழ்வில் இருக்கிறது. தாழ்வில் உள்ளவை எல்லாம் படத்தில் நடுவை நோக்கி நகர்கின்றன. எவ்வளவு நகரும் என்பதை எளிதாகக் கணக்கிடலாம்: பக்கத்தின் நடுவிலிருந்து அந்த வரியின் தொலைவை உயர வேறுபாட்டால் பெருக்கி, கருவியின் தொலைவால் வகுத்தால் போதும். நடுவிலிருந்து பன்னிரண்டு சென்டிமீட்டர் மேலே உள்ள வரிக்கு, 12 × 3 ÷ 50; அதாவது ஏழு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். எழுத்தரின் வரிக்கும் வரிக்கும் இடைவெளியோ எட்டு மில்லிமீட்டர். ஆக, பக்கத்தின் மேற்பகுதியில் பைசா இலக்கங்கள் தத்தம் வரியை விட்டு அடுத்த வரிக்குக் கீழிறங்கி நிற்கின்றன. அடிப்பகுதியில் மேலேறி நிற்கின்றன. நடுவில் எந்தக் குழப்பமும் இல்லை. ஒரு பக்கத்தைச் சோதித்துப் பார்ப்பவர் இயல்பாக நடுப்பகுதியைத்தான் பார்ப்பார். நானும் அதைத்தான் செய்தேன்.

ஓர் இடப்பக்கத்தின் மேற்பகுதியில் அடுத்தடுத்த நான்கு வரிகள் புத்தகத்தில் இப்படி இருந்தன: 2-4-3, 0-12-6, 5-0-9, 1-8-0. கடைசி வரி மூன்று கூலியாட்களுக்குக் கொடுத்தது. என் அட்டவணையில் அவை 2-4-0, 0-12-3, 5-0-6, 1-8-9 என்று வந்திருந்தன. கூட்டிப் பாருங்கள்: இரண்டிலும் மொத்தம் 9-9-6. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எழுத்தர் போட்டிருந்த மொத்தத்தோடு என் அட்டவணையின் மொத்தத்தை ஒப்பிட்டுத்தான் சரிபார்த்தேன். இந்தப் பக்கம் அப்பழுக்கின்றித் தேறியது. இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டல் அதைக் கண்டுகொள்ளாது. மேலே முதல் வரிகளில் பைசாவே இல்லாமல், கீழே கூலி வரியின் பைசா இடமும் வெறுமையாக இருந்ததால், நழுவிய இலக்கம் ஒன்றுகூட வெளியே விழவில்லை. வேறொன்றின்மேல் ஏறவும் இல்லை.

இதற்கு மேல் நடந்ததுதான் சொல்லக் கூசுவது. மூன்று ஆளுக்கு 1 ரூபாய் 8 அணா 9 பைசா என்றால், ஆளுக்கு எட்டணாவும் மூன்று பைசாவும். மூன்று பைசா என்பது காலணா. எட்டணாக் கூலியோடு காலணா சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அது வெற்றிலைக் காசாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அந்தக் காசுக்குத் தனிச்சொல் எழுதப்படாமல் கூலி என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கிவிட்டது என்று ஒரு முழுப் பத்தி எழுதினேன். துறைக் கருத்தரங்கில் வாசித்தும் விட்டேன். எண் மிக அழகாக வகுபட்டது. அழகாக வகுபட்டதனாலேயே எனக்குச் சந்தேகம் வரவில்லை.

பிடிபட்டது, அதே மாதத்தின் வலப்பக்கம் ஒன்றில். அங்கே நான்கு ஆளுக்கு 2-0-0 என்று இருந்தது, காலணா இல்லை. வலப்பக்கத்தில் தொகைப் பத்திகள் வெளி விளிம்பில், தட்டையான தாளில் இருப்பவை. பிறகு கூலி வரிகளை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தேன். உதிரிப் பைசா வந்தவை எல்லாம் இடப்பக்கங்கள். அவற்றிலும் பக்கத்தின் மேலும் கீழும் உள்ள வரிகள். வெற்றிலை போடும் வழக்கம் புத்தகத்தின் இடப்பக்கத்தில் மட்டும் இருந்திருக்க முடியாது. இந்தச் சோதனையை இப்போது எல்லாக் கணக்கேட்டுக்கும் முதலிலேயே செய்துவிடுகிறேன்: பைசா இலக்கங்களை இடம், வலம் என்று பிரித்து, எவை எத்தனை முறை வருகின்றன என்று ஒப்பிடுவது, ஆள் எண்ணிக்கையும் விகிதமும் தெரிந்த வரிகளைப் பெருக்கிப் பார்ப்பது. கூட்டல் காட்டாததைப் பெருக்கல் காட்டுகிறது.

மறுபடியும் கார்வேட்டிநகரம் சென்றேன். தாளைக் கண்ணாடிப் பலகையால் அழுத்தித் தட்டையாக்கலாமா என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். "அழுத்தினா தையல் போயிடும் தம்பி. தாள் நிக்கும், நூல் நிக்காது" என்றார். புத்தகத்தின் முதுகை ஒருமுறை தடவிப் பார்த்தபோது அவர் சொன்னது சரியென்று தெரிந்தது. பசை உதிர்ந்து, பாரம் முழுவதையும் நூல்தான் தாங்கிக்கொண்டிருந்தது. அப்படியானால் தாளை வளைக்காமல் புத்தகத்தின் இருப்பை மாற்றுவதுதான் வழி.

திண்ணையில் ஒரு பலகையை வைத்து, எடுக்க வேண்டிய பக்கம் உள்ள பாதியை அதன்மேல் படுக்கவைத்தோம். மறுபாதியைத் துணி சுற்றிய இன்னொரு பலகையில் சாய்த்து நிறுத்தினோம். இரண்டுக்கும் இடையே நூற்றுப்பத்துப் பாகை அளவு கோணம், முழுதாக விரிக்கவில்லை. அவ்வளவிலேயே மேடு மறைந்து, தாள் தையலுக்கு ஒரு சென்டிமீட்டர் வரை தட்டையாகக் கிடந்தது. ஒரு படத்துக்கு ஒரு பக்கம். முதலில் இடப்பக்கங்கள் அனைத்தும், பிறகு புத்தகத்தைத் திருப்பி வைத்து வலப்பக்கங்கள். இரவல் வாங்கிய ஒளிப்படக் கருவியை நீண்ட கையுள்ள முக்காலியில், நூற்றைம்பது சென்டிமீட்டர் உயரத்தில், 100 மில்லிமீட்டர் குவிய நீளத்தில் பொருத்தினேன். தொலைவு மும்மடங்கானால் நழுவல் மூன்றில் ஒன்றாகும். உயர வேறுபாடும் அரைச் சென்டிமீட்டராகக் குறைந்துவிட்டதால் எஞ்சியது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கருவி தாளுக்கு நேராக இருக்கிறதா என்றறிய, பக்கத்தின் நடுவில் சிறு முகக்கண்ணாடி ஒன்றை வைப்பேன். வில்லையின் பிம்பம் படச்சட்டத்தின் நடுவில் தெரிந்தால் நேராக இருக்கிறது என்று பொருள். தாள்கள் ஒரு பக்கம் சேரச் சேர மட்டம் மாறும். ஐம்பது பக்கத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்தேன்.

வெளிச்சம் பக்கவாட்டில் வந்தால் முதுகோரம் நிழல் விழுகிறது. புத்தகத்தின் தலைப்பகுதி தெருவைப் பார்க்கும்படி திருப்பியதும், ஒளி தையலின் நெடுக ஓடியது. இதற்குச் செலவு எதுவும் இல்லை. முதல் முறையே செய்திருக்கலாம்.

ஒவ்வொரு இடப்பக்கத்திலும் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக மெல்லிய தாள்கீற்றுகளை, ஒரு வரியின் பொருட்பெயரிலிருந்து பைசா வரை படியும்படி வைத்து இன்னொரு படமும் எடுத்தேன். தாளின் வளைவைக் கீற்று அப்படியே பின்பற்றுவதால் எந்தப் பைசா எந்த வரிக்குரியது என்பதற்கு அது சாட்சி. page_dewarp போன்ற கருவிகள் எழுத்து வரிகளைக் கண்டுபிடித்து அவற்றின் வளைவைக் கொண்டு பக்கத்தை நிமிர்த்துபவை. கணக்கேட்டில் பொருட்பெயருக்கும் தொகைக்கும் நடுவே நீண்ட வெற்றிடம் இருப்பதால் என் பக்கங்களில் அவை தடுமாறின. ஸ்கேன் டெய்லரில் மேல் கீழ் வளைவுகளைக் கையால் பொருத்த முடியும். கீற்றின்மேல் அந்தக் கோட்டைப் படியவைத்தால் போதும்.

முதல் முறை இரண்டு நாளில் முடிந்த வேலைக்கு இம்முறை ஆறு நாள் ஆயிற்று. நடுவே சில தாள்கள் பழுதுபார்க்கும்போது பக்கவாட்டில் துளையிட்டுத் தைக்கப்பட்டவை. அவற்றில் பைசாப் பத்தியே நூலுக்கு அப்பால் போய்விட்டது. எந்தக் கோணத்திலும் படத்தில் அகப்படவில்லை. சன்னலருகே பிடித்து, பெரியவர் தாளை விரலால் மெல்ல விலக்கிச் சொல்லச் சொல்ல, நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். மூன்று வரிகள் அவருக்கும் தெரியவில்லை. அட்டவணையில் அவை வெறுமையாக இருக்கின்றன, பூச்சியம் போடவில்லை.

கூலி வரி இப்போது 1-8-0. கருத்தரங்கில் என் உரையைக் கேட்டவர்களில் மூன்று பேர் அந்த வெற்றிலைக் காசைப் பற்றிப் பிறகும் விசாரித்திருந்தார்கள். அவர்களுக்குத் தனித்தனியே எழுதினேன். ஒருவர் மட்டும், வழக்கம் உண்மையாகவே இருந்திருக்கலாமே, வேறு ஏட்டில் தேடிப் பாருங்கள் என்று பதில் போட்டிருக்கிறார். இருந்திருக்கலாம். இந்த ஏட்டில் இல்லை.