மைக்கை ஆஃப் பண்ணுங்க!



நேற்று ஸ்ரீமுஷ்ணம் கடைத்தெருவில் என் பழைய மாணவி ஒருத்தியைப் பார்த்தேன். இப்போது அவளும் ஆசிரியை. "ஆன்லைன் கிளாஸ்ல சந்தேகம் இருக்கான்னு கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க டீச்சர்" என்றாள். எனக்கு என் பழைய தவறு ஞாபகம் வந்தது.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகளை மூடினார்கள். நான் அப்போது ஓய்வு பெற்றிருந்தேன். உறவிலும் தெருவிலுமாக 11 பிள்ளைகளுக்கு கூகுள் மீட்டில் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். தினமும் என் முதல் வார்த்தை, "எல்லாரும் மைக்கை ஆஃப் பண்ணுங்க." முடிக்கும்போது, "சந்தேகம் இருக்கா?" ஒரு சத்தமும் வராது. புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சிறுமி வாட்ஸ்அப்பில் தயங்கித் தயங்கிக் குரல் பதிவு அனுப்பினாள். "டீச்சர், அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டுனா எனக்கு 2/5 வருது. அது அரையை விடக் கம்மியா இருக்கே, எப்படி?"

மேலே உள்ளதை மேலேயும், கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறாள். விடை தப்பு. ஆனால் அரையோடு ஒன்றைச் சேர்த்தால் எப்படிக் குறையும் என்ற கேள்வி, நான் நடத்திய பாடத்தை விடப் பெரியது. அதை இரண்டு வாரம் மனசுக்குள்ளேயே வைத்திருந்தாள். பேசாதே என்று வணக்கத்துக்கு முன்பே சொன்னவள் நான்தானே!

மறுநாளிலிருந்து முதல் ஐந்து நிமிடம் மைக் திறந்தே இருந்தது. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தப்பாகவே முடியாத ஒரு கேள்வி கேட்பேன். "உங்க வீட்ல இப்ப என்ன சத்தம் கேக்குது?" குக்கர் விசில், ஆடு, தம்பியின் அழுகை. வீட்டுச் சத்தம் கேட்டுவிடுமே என்ற வெட்கம் அதில் போனது. ஒரு தடவை குரல் வெளியே வந்துவிட்டால் அடுத்த தடவை வருவது சுலபம்.

பிறகு, "நேத்து ஒருத்தருக்கு 2/5 வந்துச்சு, நல்ல கேள்வி" என்று பெயர் சொல்லாமல் ஆரம்பித்தேன். "எனக்கும்தான் டீச்சர்" என்று நான்கு குரல்கள்! ஒரு சப்பாத்தியை ஆறு துண்டாக்கச் சொன்னேன். அரை என்றால் மூன்று துண்டு, மூன்றில் ஒன்று என்றால் இரண்டு. மொத்தம் 5/6. அந்தச் சிறுமிதான் முதலில் சொன்னாள்.

"சந்தேகம் இருக்கா?" என்பதையும் விட்டேன். "எந்த வரியில நின்னுட்டீங்க?" என்று கேட்டு, மனசுக்குள் பத்து வரை எண்ணுவேன். கேள்வி கேட்ட ஆசிரியர் சுமார் ஒரு நொடிதான் காத்திருக்கிறார், மூன்று நொடி காத்தாலே பிள்ளைகள் அதிகம் பேசுகிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் கண்டார். அது நேர் வகுப்புக்கு. போனில் மைக் பொத்தானைத் தேடவும் நேரம் வேண்டுமே!

நாற்பது பேர் என்றால் எல்லோரையும் கூப்பிட முடியாது. நாளுக்கு எட்டுப் பேராக முறை வைக்கலாம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சில பிள்ளைகள் அப்போதும் பேசாது. அவர்களுக்குத் தனிக் குரல் பதிவுதான் வழி.

என் வகுப்பில் கேட்காமலே விட்ட சந்தேகம் உங்களில் யாருக்காவது இருக்கிறதா? இப்போதாவது கேளுங்கள், காத்திருக்கிறேன்.