லேக் என் வீட்டில்தான் இருந்தது

கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆட்டத்தைப் பெரம்பலூரில் என் வீட்டுக் கணினியிலிருந்து ஹோஸ்ட் பண்ணியவன் நான். உடன் ஆடிய ஐந்து பேரும் அரியலூர்ப் பையன்கள். அவர்கள் "லேக் அடிக்குதுடா" என்று கத்தும்போதெல்லாம், "உங்க ஊர்ல சிமெண்ட் லாரி ஏறி கேபிள் நசுங்கியிருக்கும்" என்று நக்கலடித்தேன். என் திரையில் ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஓடாமல் என்ன? ஹோஸ்ட் செய்பவனுக்கு வரும் தரவு அவன் கணினியை விட்டு வெளியேறுவதே இல்லை. திணறி நின்றவர்களைச் சுட்டுத் தள்ளிவிட்டு, அதைத் திறமை என்று வேறு நம்பினேன்.

எங்கள் வீட்டில் அப்போது தொலைபேசிக் கம்பி வழியே வரும் ஏடிஎஸ்எல் இணைப்பு. டவுன்லோடு 8 எம்பிபிஎஸ் என்று பெருமையடித்தேனே தவிர, அப்லோடு வெறும் 512 கேபிபிஎஸ் என்பதைப் பொருட்படுத்தவில்லை. ஹோஸ்டுக்கு வேண்டியது அந்த இரண்டாவது எண்தான். ஐந்து பேருக்கும் தனித்தனிப் பொட்டலம் என் வீட்டிலிருந்தே போயாக வேண்டும்.

கணக்கும் போட்டேன், தப்பாக. `sv_maxupdaterate 100` என்று வைத்திருந்தேன். அதாவது ஒவ்வொருவருக்கும் நொடிக்கு 100 பொட்டலம் வரை. சண்டை சூடாகும்போது ஒரு பொட்டலம் 250 பைட் என்று கொண்டால் ஒருவருக்கு 25,000. ஐந்து பேருக்கு 1,25,000. இதை 125 கேபிபிஎஸ் என்று படித்து, தாராளம் என்று முடிவு கட்டினேன். அது பைட், இணைப்பின் வேகமோ பிட்டில் சொல்லப்படுவது. எட்டால் பெருக்கினால் 1,000 கேபிபிஎஸ். இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மிஞ்சிய பொட்டலங்கள் உடனே தொலைவதில்லை, மோடத்தில் வரிசையில் நிற்கின்றன. 64 கிலோபைட் தேங்கினாலே 512 கேபிபிஎஸ் கம்பி அதை வெளியேற்ற ஒரு நொடி பிடிக்கும். அமைதியாக இருக்கும்போது 40, 50 என்று காட்டும் பிங், துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் ஆயிரத்தைத் தொடும். கேபிள் நசுங்கியிருந்தால் பழுது சண்டைக்காகக் காத்திருக்குமா? ஐந்து பேருக்கும் ஒரே சமயத்தில் வருமா? இரண்டையும் அவர்கள் சொன்னார்கள். நான் காதில் வாங்கவில்லை.

என் கணக்கின் தப்பு புரிந்த பிறகு `sv_maxupdaterate 30` என்று குறைத்தேன். 250 பைட், 30 பொட்டலம், 5 பேர், 8 பிட்: 300 கேபிபிஎஸ். வீட்டில் யாராவது படம் அனுப்பினாலும் தாங்கும் அளவுக்கு இடம் மிஞ்சியது. சண்டையிலும் பிங் ஏறவில்லை. நான் தோற்கத் தொடங்கினேன்.

ஹோஸ்ட் பண்ணப் போகிறவர்கள் தங்கள் திரையை நம்ப வேண்டாம். நண்பரை `net_graph 3` போடச் சொல்லி, சண்டை நடுவில் பிங் எவ்வளவு என்று அவரிடம் கேளுங்கள்.